அறுபது பேரும் ஆறாம் மாதமும்

தையற்பயிற்சிக்கு நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். ‘இத்திட்டத்தின் வாயிலாக 60 கிராமப்புறப் பெண்களுக்கு மூன்று மாதத் தையற்பயிற்சி அளித்து, அவர்களது வாழ்வாதாரம் மேம்படுத்தப்படும்.’ இதன் முதற்பாதியைச் செய்து முடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆசிரியை வருவார், மெஷின் வந்து இறங்கும், வருகைப்பதிவேட்டில் கையெழுத்து விழும், கடைசி நாள் ஊராட்சித் தலைவர் கையால் சான்றிதழ், அப்புறம் ஒரு குரூப் போட்டோ. பின்பாதி அப்படி இல்லை. சந்தையும் மழையும் கரண்டும் கடனும் வீட்டு மனிதர்களும் கூடி முடிவுசெய்யும் சமாச்சாரம் அது. நிதி கொடுப்பவர் காசு கொடுப்பதோ அந்தப் பின்பாதியை நம்பித்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை விண்ணப்பத்தில் யாரும் காட்டுவதில்லை, காட்டினால் காசு வராது என்ற பயம்.

சிறு தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களை எழுதியும் திருத்தியும் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் எல்லோரும் முன்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பிப்பார்கள். நிறுவன வரலாறு, பகுதியின் வறுமை, நோக்கங்கள், செயல்பாடுகள், வரவுசெலவு. எல்லாம் முடிந்து, கடைசி நாள் இரவு, ‘அளவிடக்கூடிய விளைவுகள்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது கண்ணில் படும். அதில் ‘60 பெண்கள் பயிற்சி பெற்றிருப்பார்கள், 100 சதவீதம் வருமானம் உயரும்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நான் கேட்டுக்கொள்வது அந்தக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று என்ன கேட்கப் போகிறோம் என்று முதலில் முடிவாகிவிட்டால், மற்றப் பக்கங்கள் அதிலிருந்து தாமாக வரிசைப்படும்.

பொதுவாகப் பேசினால் காற்றில் போகும். ஓர் ஊரை வைத்துப் பேசுவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம் புதியம்புத்தூர். ‘குட்டித் திருப்பூர்’ என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ரெடிமேட் துணி தைக்கும் ஊர். சுற்றிலும் கரிசல்காடு, மானாவாரி. புரட்டாசியில் விதைப்பு, கார்த்திகையில் களையெடுப்பு, தையும் மாசியும் அறுப்பும் மிளகாய்ப்பழம் பறிப்பும். சித்திரை, வைகாசியில் காட்டில் வேலை கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று கிராமங்களில், ஊருக்கு 20 பேராக 60 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வெட்டிய துணியை வீட்டுக்கு வாங்கித் தைக்கும் ஜாப் ஒர்க்கில் அவர்களை இறக்க வேண்டும் என்று ஒரு திட்டம். செலவு 12 லட்சம் ரூபாய். ஊர் நிஜம், திட்டமும் இனி வரும் அதன் எண்களும் கணக்குப் பார்ப்பதற்காக நான் போட்டுக்கொண்டவை.

விளைவை இப்படி எழுதுகிறேன்: ‘பயிற்சி முடிந்த ஆறாம் மாதத்தில், பயிற்சியில் சேர்ந்த 60 பேரில் 30 பேர், அதற்கு முந்தைய 30 நாட்களில் தையல் வேலையில், நூல், ஊசி, மின்சாரச் செலவு போக, 3,000 ரூபாய்க்குக் குறையாமல் ஈட்டியிருப்பார்கள்.’ படிக்க அழகாக இல்லை. ஆனால் யார், எப்போது, எதிலிருந்து, எவ்வளவு என்ற நான்குக்கும் இதில் பதில் இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் போய் விசாரித்தாலும் ஒரே எண்ணோடுதான் திரும்பி வர முடியும். அளவிடக்கூடியது என்பதற்கு எனக்குத் தெரிந்த சோதனை அதுதான்.

‘சேர்ந்த 60 பேரில்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 60 பேர் சேர்வார்கள். பத்துப் பேர் வழியிலேயே நின்றுவிடுவார்கள். 50 பேர் முடிப்பார்கள். அதில் 40 பேர் துணி வாங்கித் தைக்கத் தொடங்குவார்கள். ஆறாம் மாதம் 30 பேர் தைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த முப்பதை நாற்பதால் வகுத்தால் 75 சதவீதம். ஐம்பதால் வகுத்தால் 60. அறுபதால் வகுத்தால் 50. மூன்றும் உண்மைதான். எதனால் வகுக்கப் போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவைக்காவிட்டால், அறிக்கை எழுதும் நாளில் கை தானாக 75-க்குப் போகும். அதைவிடச் சூட்சுமமான ஓர் ஓட்டையும் உண்டு. ஆறாம் மாதம் போன் போட்டால் எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். கிராமத்தில் பெண்கள் கொடுக்கும் எண் பெரும்பாலும் கணவருடையது அல்லது மகனுடையது. ரீசார்ஜ் தீர்ந்தால் எண்ணே மாறிவிடும். கல்யாணமாகிப் போனவர்கள் வேறு. அவர்களில் பலர் தைப்பதை விட்டவர்களாகவே இருப்பார்கள். எனவே ‘தொடர்புகொள்ள முடியாதவர் வேலையில் இல்லாதவராகக் கொள்ளப்படுவார்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அந்த ஒரு வரியைப் பார்த்தே இவர்கள் களத்தில் இருப்பவர்கள் என்று கண்டுகொள்ளும் நிதி அதிகாரிகள் உண்டு. அவசியமான இன்னொரு வேலை, சேரும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் வாங்கி வைப்பது. அவருடையது ஒன்று, குழுத் தலைவியுடையதோ பக்கத்து வீட்டாருடையதோ ஒன்று.

அரசுத் திட்டங்களும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்திருக்கின்றன. 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் வேலையில் அமர வேண்டும் என்று விதி வைத்தது. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் உருவான ருட்செட்டி என்ற சுயதொழில் பயிற்சி நிலையத்தின் வழியில் இன்று மாவட்டந்தோறும் இயங்கும் ஆர்செட்டி நிலையங்கள், பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பின்தொடர வேண்டும் என்பதை முறையாகவே வைத்திருக்கின்றன. மூன்று மாதப் பயிற்சிக்கு நிதி கேட்பவர் பதினைந்து மாதத் திட்டம் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முன்னுதாரணம் இங்கேயே இருக்கிறது.

இனிப் பணம். இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம்.

ஒரு கணக்கெடுப்பில் நான் உடனிருந்தேன். தையல் படித்து வீட்டில் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கணக்கெடுக்க வந்த பிள்ளை, “யக்கா, போன மாசம் தையல்ல எவ்வளவு கெடைச்சுது?” என்று கேட்டாள். “நாலாயிரத்தி ஐந்நூறு” என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளை குறித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வருமானம் பூஜ்யத்திலிருந்து 4,500 ஆனது, வெற்றிக்கதைக்குப் போதும். நான் அங்கேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கேட்டேன். நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் எல்லாம் 600. மெஷின் கடனுக்கு மாதத் தவணை 800. தைக்க வருமுன்னால் என்ன செய்தீர்கள் என்றபோது, மாதம் ஒரு பத்து நாள் கூலிக்குப் போவேன், நாளைக்கு 300 என்றார். இப்போது போவதில்லை. 4,500-இல் 600-உம் 800-உம் போனால் 3,100. விட்ட கூலி 3,000. கையில் கூடியது 100 ரூபாய்.

“அப்போ எதுக்கு இந்தத் தையல்?” என்று கேட்கத் தோன்றியது, கேட்டும்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “வெயில்ல நிக்க வேண்டாம்லா. பிள்ளையும் கண்ணு முன்னால இருக்கான். தவணை முடிஞ்சா அந்த எண்ணூறும் நமக்குத்தான” என்றார்.

பூஜ்யத்திலிருந்து 4,500 என்பது பொய்க்கணக்கு. 100 ரூபாய்தான் பலன் என்பதும் சரியில்லை. தவணை ஒருநாள் முடியும், வெயில் குறைந்ததை ரூபாயில் போட முடியாது. எனவே விண்ணப்பத்தில் பணத்தை இரண்டு அளவாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். ஒன்று, மேலே சொன்ன ஆறாம் மாதத் தையல் வருமானம். அவர் தொழிலில் நிற்கிறாரா என்பதை அது காட்டும். தவணையை அதில் கழிக்காமல் தனிப் பத்தியில் குறிக்க வேண்டும். மற்றது, எல்லா வேலையிலும் சேர்த்து அந்தப் பெண்ணின் மொத்த வருமானம். திட்டம் தொடங்குமுன் ஒருமுறை, சரியாக ஓராண்டு கழித்து ஒருமுறை. விட்ட கூலி அதில் தானாகவே கழிந்துவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால், அந்த மாதம் எத்தனை நாள் வெளிவேலைக்குப் போனார் என்பதைக் கேட்கலாம். மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தன்னம்பிக்கை, முடிவெடுக்கும் அதிகாரம், குடும்ப மதிப்பு என்று பதினைந்து குறியீடுகள் அடுக்கிய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதையும் யாரும் அளந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்விகளை யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் எண் குறையும், ஏனென்றால் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பார். நிறுவனத்தின் ஆசிரியையே போய்க் கேட்டால் எண் ஏறும், ஏனென்றால் அவரை ஏமாற்றமடைய விடக்கூடாது. நினைவிலிருந்து சொல்லும் எண்ணைவிட, துணி கொடுக்கும் யூனிட்டில் டஜன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு நம்பகமானது. எத்தனை டஜன் வாங்கினார், எத்தனை டஜன் திருப்பிக் கொடுத்தார், எவ்வளவு பணம் என்று அதில் இருக்கும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே அப்படியொரு நோட்டை எழுதப் பழக்கிவிட்டால், ஆறாம் மாதம் அதுவே சான்று. படிவத்தில் ‘சரிபார்க்கும் வழி’ என்ற கட்டத்தில் ‘கள ஆய்வு, புகைப்படம்’ என்று எழுதுவதற்குப் பதில் இந்த நோட்டை எழுதலாம்.

‘சரியாக ஓராண்டு கழித்து’ என்று ஏன் அழுத்திச் சொன்னேன் என்றால், காரணம் கரிசலில் இருக்கிறது. பேஸ்லைன் எனப்படும் தொடக்கக் கணக்கெடுப்பை வைகாசியில் எடுத்தால் எல்லோர் கையும் காலி. முடிவுக் கணக்கெடுப்பைக் கார்த்திகையில் எடுத்தால் களையெடுப்புக் கூலியால் ஊரே சம்பாதித்துக்கொண்டிருக்கும். தையல் கற்காத பெண்ணின் வருமானமும் இரண்டு மடங்காகக் காட்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கேட்டால் தைப்பவர்களின் எண்ணிக்கையே வீங்கிவிடும், அப்போது ராத்திரி பகலாகத் தைப்பார்கள். இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. ஆனி மாதத்துக்கு ஆனி மாதம் என்று ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. நான் போட்ட அட்டவணை இது: ஜூனில் தொடக்கக் கணக்கெடுப்பு, ஜூலை முதல் செப்டம்பர் வரை பயிற்சி, புரட்டாசி விதைப்பு மும்முரமாகும் முன் முடிந்துவிட வேண்டும், ஆறாம் மாதம் மார்ச், அடுத்த ஜூனில் முடிவுக் கணக்கெடுப்பு. மார்ச் தையலுக்கு மந்தமான மாதம், மிளகாய் பறிப்பு பக்கத்துக் காட்டிலேயே கூப்பிடும். அந்த மாதத்தில் முப்பது பேர் மெஷினில் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

ஒரே மாதத்தை ஒப்பிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும். நல்ல மழை பெய்த ஆண்டு என்றால் எல்லோருக்கும்தான் வருமானம் கூடியிருக்கும். அதில் தையலின் பங்கு எது? இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. மூன்று கிராமங்களுக்குத்தான் காசு இருக்கிறது, ஆறு கிராமங்கள் கேட்கின்றன என்றால், ஆறு கிராமத்துப் பெண்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு மூன்றை இந்த ஆண்டுக்கும் மூன்றை அடுத்த ஆண்டுக்கும் என்று பிரிக்கலாம். ஊர்ப் பொல்லாப்பும் இருக்காது. காத்திருக்கும் மூன்று கிராமங்களில் பெயர் கொடுத்த 60 பெண்களையும் அதே நாட்களில் அதே கேள்விகள் கேட்டால், பயிற்சி இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான். இங்கே 60, அங்கே 60 என்ற எண்ணிக்கையில், ஒரு பக்கம் ஆறு பேரும் மறு பக்கம் பன்னிரண்டு பேரும் தைத்துச் சம்பாதித்தால் அது திட்டத்தின் பலனா தற்செயலா என்று சொல்ல முடியாது. ஊர் ஊராகப் பிரித்திருப்பதால் நிச்சயத்தன்மை இன்னும் குறையும். ஆறுக்கு முப்பது என்றால் சொல்லலாம். இந்த வரம்பையும் விண்ணப்பத்தில் எழுதுவேன். அடுத்த ஆண்டுக்குரிய மூன்று கிராமங்களுக்கு நிதி உறுதியாகாமல் இந்த முறையைத் தொடங்கக் கூடாது. காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கைவிடுவது அநியாயம்.

இலக்கு எண் ஒன்றை எழுதியதும் அது நம்மையே திரித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 30 பேர் சம்பாதிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட நிறுவனம், ஆள் சேர்க்கும் நாளில் யாரைத் தேடும்? ஏற்கெனவே கொஞ்சம் தைக்கத் தெரிந்தவரை, வீட்டில் மெஷின் இருப்பவரை, கைக்குழந்தை இல்லாதவரை, சாலையோரத்தில் வீடு இருப்பவரை. பயிற்சியே இல்லாவிட்டாலும் இவர்களில் பாதிப் பேர் சம்பாதித்துவிடுவார்கள். அறிக்கையில் எண் ஜொலிக்கும். ஊரின் கடைசியில் இருக்கும் காலனித் தெருவுக்கு மெஷின் போயே இருக்காது. இதைத் தடுக்க ஒரே வழி, யார் சேர வேண்டும் என்பதை விளைவு வாக்கியத்துக்கு முன்னாலேயே கட்டிப்போடுவதுதான். 60 பேரில் குறைந்தது 20 பேர் கணவரை இழந்தவரோ, தனியாகக் குடும்பம் நடத்துபவரோ, மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை உள்ளவரோ ஆக இருக்க வேண்டும். சாதிவாரியாகவும் ஊரின் விகிதம் வர வேண்டும். அந்த 20 பேருக்கு இலக்கும் தனி. மற்ற 40 பேரில் 22 என்றால், இவர்களில் 8. இரண்டும் சேர்ந்துதான் 30. குறைந்த இலக்கு வைத்தால் நிதி கொடுப்பவர் முகம் சுளிப்பார் என்பார்கள். காரணத்தை எழுதினால் சுளிக்க மாட்டார்கள், என் அனுபவம் அப்படி.

இந்த 20 பேரும் நின்றுவிடாமல் இருக்கப் பயிற்சியின் அமைப்பே மாற வேண்டும். டெல்லியில் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஒரு தையற்பயிற்சியைப் பொருளியலாளர்கள் புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும் ஆராய்ந்தார்கள். பயிற்சியால் வேலையும் வருமானமும் கூடின; ஆனால் முடிக்க முடியாமல் போனவர்களைத் தடுத்தவற்றில் மையத்தின் தூரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் முக்கியமானவை. பாகிஸ்தானின் பஞ்சாபில் அலி சீமா, ஆசிம் குவாஜா முதலானோர் கிராமப் பெண்களின் தையற்பயிற்சியை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்று தெரியவந்தது. தூரம் ஒருபுறம் இருக்க, சொந்த ஊரின் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பதே சேர்க்கையைப் பெரிய அளவில் வெட்டிவிடுகிறது. பெண்களைக் கூட்டாக அழைத்துப்போக வண்டி ஏற்பாடு செய்தபோது நிலைமை தேறியது. ஓட்டப்பிடாரம் பஞ்சாப் அல்ல, இங்கே பெண்கள் பஸ் ஏறிப் பல ஊருக்குப் போகிறார்கள். ஆனாலும் மூன்று ஊருக்கும் பொதுவாகப் புதியம்புத்தூரில் ஒரே மையம் வைத்தால் வாடகையும் ஆசிரியைச் சம்பளமும் மிச்சம் என்று கணக்குப் போடும்போது, கைக்குழந்தைக்காரர்களில் எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்பதையும் போட வேண்டும். நான் போட்ட திட்டத்தில் ஊருக்கொரு மையம், மையத்துக்கொரு குழந்தை பார்க்கும் ஆயா. ஆயாவுக்கான தொகையை வரவுசெலவில் ‘இதர செலவுகள்’ என்பதற்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுதி, எந்த விளைவுக்காக இந்த வரி என்று பக்கத்தில் குறிப்பும் போட்டால், பேரம் பேசும்போது அதை வெட்டச் சொல்ல அவர்களுக்கே மனம் வராது.

லாக்ஃபிரேம் என்று நிதியாளர்கள் கேட்கும் அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம். 1969 வாக்கில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டுக்காக உருவான இந்தக் கட்டங்களில் இடமிருந்து வலமாக என்ன செய்கிறோம், எதைக் கொண்டு அளப்போம், எங்கே சரிபார்ப்போம், எதை நம்பியிருக்கிறோம் என்று நான்கு பத்திகள். நம்மவர்கள் கடைசிப் பத்தியில் ‘பெண்கள் ஆர்வத்துடன் கலந்துகொள்வார்கள்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆர்வமாக வரவைப்பது நம் வேலை. அதை எதற்கு அனுமானமாக எழுத வேண்டும்? நம் கையில் இல்லாததை எழுதத்தான் அந்தப் பத்தி. இந்தத் திட்டத்தில் அது ஒன்றே ஒன்று: புதியம்புத்தூர் யூனிட்டுகள் புதிதாக 40 பேருக்கு ஆண்டு முழுவதும் துணி தருமா? இதைச் சோதிக்காமல் விண்ணப்பம் எழுதுவது வீண். நான்கு யூனிட் முதலாளிகளிடம் போய், இப்போது எத்தனை பேருக்குத் துணி கொடுக்கிறீர்கள், எந்த மாதங்களில் நிறுத்துகிறீர்கள், டஜனுக்கு என்ன கூலி, புதிய ஆள் எவ்வளவு வேகத்தில் தைத்தால் எடுப்பீர்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியின் பதில்தான் பாடத்திட்டம். சுடிதார், பிளவுஸ், குழந்தைக் கவுன் என்று வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் மூன்று மாதமும் போய்விடும். யூனிட்காரருக்கு வேண்டியதோ ஓவர்லாக் அடிக்கவும் இன்ஸ்கர்ட்டுக்கு நேர்த்தையல் போடவும் பழகிய வேகமான கை. நான்கு பேரில் இரண்டு பேராவது எழுத்தில் கொடுத்தால் அதை விண்ணப்பத்தோடு இணைக்கலாம். நிறுவனத்தின் விருதுப் பட்டியலைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வரவுசெலவில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி வரும் சி.எஸ்.ஆர். பணம் நிதியாண்டோடு கட்டப்பட்டது. மார்ச் 31-க்குள் செலவழித்ததாகக் காட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் அவசரப்படுவார்கள். பல நேரம் பணமே டிசம்பரில்தான் வரும். அப்போது பயிற்சியைத் தொடங்கினால் களையெடுப்பிலும் அறுப்பிலும் மாட்டும், வருகை பாதியாகும். அடுத்த ஜூனில் வரும் கணக்கெடுப்புக்குப் பணமும் இருக்காது. இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நீளும் ‘தொடரும் திட்டம்’ என்று கம்பெனியின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டால், செலவாகாத தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி வைத்து அடுத்த ஆண்டிலும் பயன்படுத்தலாம். பதினைந்து மாதத் திட்டம் எழுதுபவர் தொடக்கத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். மார்ச் மாதத்தில் கேட்டால் நடக்காது. வெளிநாட்டுப் பணம் என்றால் வேறு கட்டுப்பாடு: 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

அளப்பதற்கு ஆகும் செலவையும் எழுத வேண்டும். ஆறு கிராமங்களில் 120 பெண்களை மூன்று முறை சந்தித்தால் 360 நேர்காணல். ஒன்றுக்கு 150 ரூபாய் என்றால் 54,000. பத்தில் ஒருவரை வேறொருவர் போய் மறுபடி கேட்டுச் சரிபார்க்கவும், எண்களைக் கணினியில் ஏற்றவும் 30,000. ஆக 84,000; 12 லட்சத்தில் 7 சதவீதம். பயிற்சி முடிந்த பிறகு ஆறு மாதம் யூனிட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்து துணி வாங்கிக் கொடுத்து, தையல் சரியில்லை என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், மாதம் 12,000 வீதம் 72,000. இந்த ஆளின் சம்பளத்தைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள், பயிற்சி முடிந்த பிறகு எதற்குச் சம்பளம் என்று. நாற்பது பேர் தொடங்கி முப்பது பேர் நிற்கிறார்களா, பத்துப் பேர் நிற்கிறார்களா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த 72,000-தான்.

இலக்கு தவறினால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். மூன்றாம் மாதம், டிசம்பர் முடிவில், எத்தனை பேர் துணி வாங்கத் தொடங்கினார்கள் என்று ஓர் இடைக்கணக்கு. 25-க்குக் குறைவு என்றால் காரணத்தை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்து, நிதியாளருக்குத் தெரிவித்து, மீதமுள்ள தொகையில் எந்த வரியிலிருந்து எந்த வரிக்கு மாற்றுவோம் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். யூனிட்டில் துணி இல்லை என்றால் பள்ளிச் சீருடைக்கும் உள்ளூர் பிளவுசுக்கும் திரும்ப வேண்டும், அதற்கு இரண்டு வாரக் கூடுதல் பயிற்சி. வேகம் போதவில்லை என்றால் மையத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தால், மார்ச்சில் 22 பேர்தான் தேறினார்கள் என்றாலும் அந்த எண்ணை மாற்றாமல் அறிக்கையில் போடும் தைரியம் வரும்.

கடைசியில் எல்லோரும் கேட்கும் தலைக்கணக்கு. 12 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் ஆளுக்கு 20,000. அதே ஊரில் இன்னொரு நிறுவனம் 12,000-க்குப் பயிற்சி தருவதாக எழுதியிருக்கும். அதில் ஆயா இல்லை, பின்தொடரும் ஆள் இல்லை, ஜூன் கணக்கெடுப்பு இல்லை. நான் 20,000-த்தையும் எழுதி, அதற்குக் கீழேயே 12 லட்சத்தை 30-ஆல் வகுத்து, ஆறாம் மாதம் சம்பாதித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு 40,000 என்றும் எழுதச் சொல்கிறேன். எங்கள் நிர்வாகிகள் பதறுவார்கள், இதை ஏன் நாமே போட்டுக் கொடுக்கிறோம் என்று. அந்த இரண்டாம் எண்ணைப் பார்த்துவிட்டு, 12,000 ரூபாய்க்காரரையும் கூப்பிட்டு, உங்கள் ஆட்களில் ஆறாம் மாதம் தைத்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்று கேட்ட அதிகாரிகளைச் சந்தித்திருக்கிறேன். கேட்காமல் விலை குறைந்த பக்கம் போனவர்களையும் சந்தித்திருக்கிறேன், எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம்.